கெடுவுக்கு முன் மூன்று நாள்

ராபர்ட்சன்பேட்டையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் சிலர் பக்கத்தில் உரிகத்தில் இருக்கும் கல்லூரிக்குப் போகிறார்கள். சிலர் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய்த் திரும்புகிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த ரயில்தான் இந்த ஊரில் பலருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வழி. எங்கே படித்தாலும் பலருக்குப் பாடத்திட்டம் வருவது ஒரே இடத்திலிருந்துதான்: பெலகாவியில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக வி.டி.யூ.

அந்தப் பாடத்திட்டத் தாளைப் பெரும்பாலான மாணவர்கள் தேர்வுக்கு என்னென்ன வரும் என்று பார்க்க மட்டுமே திறக்கிறார்கள். அதற்குள் ஒரு நாட்காட்டி ஒளிந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தின் தாள்களில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. முதல் அசைன்மென்ட் 4ஆம் வார முடிவில், இரண்டாவது 9ஆம் வார முடிவில், இன்டர்னல் தேர்வுகள் 5, 10, 15ஆம் வாரங்களின் முடிவில், செமினார் அல்லது வினாடி வினா 13ஆம் வார முடிவில். ஒரு பாடத்துக்கு இது நியாயமான இடைவெளி. ஆனால் எல்லாப் பாடங்களின் தாளிலும் இதே வரிகள்தான் இருக்கும். ஐந்து பாடம் படிக்கிறவருக்கு ஐந்து அசைன்மென்ட்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அடுத்த வாரமே ஐந்து தேர்வு. ஒவ்வொரு கெடுவுக்கும் முன்னால் மூன்று நாள் ஒதுக்கிவைத்தால் போதும் என்று நினைப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். ஐந்து கெடுவையும் மூன்று நாள் முன்னுக்கு இழுத்தால் நெரிசலும் அப்படியே மூன்று நாள் முன்னுக்கு நகருமே தவிர, கலையாது.

நெரிசல் கலைய வேண்டுமானால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு தேதி தெரிய வேண்டும்: எப்போது முடிக்க வேண்டும், எப்போது தொடங்க முடியும். முதல் தேதியைக் கல்லூரி நாட்காட்டி சொல்லும். இரண்டாவது தேதியை யாரும் எழுதித் தருவதில்லை. அது பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டு வெளியே எடுக்கலாம் என்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஒரு செமஸ்டரை எடுத்து நடத்திப் பார்ப்போம். வகுப்புகள் 2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமை தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். கல்லூரியும் இரண்டாவது அசைன்மென்ட்டை 9ஆம் வார முடிவில் கேட்கிறது. ஒன்பதாவது வாரம் அக்டோபர் 27 முதல் நவம்பர் 1 வரை. வார முடிவு என்றால் சனிக்கிழமை, நவம்பர் 1. ஆனால் அன்று கன்னட ராஜ்யோத்சவம், கர்நாடகம் முழுக்க விடுமுறை. ஆகவே உண்மையான கெடு அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. ஒரு நாள் அப்போதே போய்விட்டது.

இனி தொடங்கும் தேதி. வி.டி.யூ. பாடம் ஐந்து மாட்யூலாகப் பிரிந்திருக்கும். மொத்தம் 40 மணி நேரப் பாடமென்றால் ஒரு மாட்யூலுக்கு 8 மணி. இந்த அசைன்மென்ட் மூன்றாவது மாட்யூல் வரை கேட்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று வகுப்பு நடந்தால் மூன்று மாட்யூலுக்கான 24 மணி நேரம் எட்டு வாரத்தில், அதாவது அக்டோபர் 25க்குள் முடிய வேண்டும். தாளில் அப்படித்தான் தெரியும். நடப்பு வேறு. ஒரு பாடத்துக்குத் திங்கள், செவ்வாய், புதன் வகுப்பு என்றால், அக்டோபர் 1 ஆயுத பூஜை, 7 வால்மீகி ஜெயந்தி, 20 நரக சதுர்த்தசி, 22 பலிபாட்யமி என்று நான்கு வகுப்பு கழிந்துவிடும். விரல் விட்டு எண்ணினால் இருபத்து நான்காவது வகுப்பு விழுவது நவம்பர் 3, திங்கட்கிழமை. அசைன்மென்ட்டைக் கொடுத்து முடித்த பிறகுதான் மூன்றாவது மாட்யூலே முடிகிறது.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே இந்த எண்ணிக்கையைப் போட்டவர் ஆசிரியரிடம் போய், “சார், மூணாவது மாட்யூல் முழுசா வருமா, பாதி வரைக்குமா?” என்று கேட்க முடியும். அக்டோபர் 30 அன்று கேட்டால் அது சாக்குப்போக்குபோல ஒலிக்கும். ஆசிரியர் “பாதி வரைக்கும்” என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாட்யூல் அக்டோபர் 8 அன்று முடிகிறது. அதிலிருந்து வரும் கேள்விகளை அப்போதே எழுதத் தொடங்கலாம். மூன்றாவதின் பாதி அக்டோபர் 21 அன்று முடியும். மீதியை அதற்குப் பிறகுதான் எழுத முடியும்.

அடுத்தது எத்தனை மணி நேரம் ஆகும் என்பது. இங்கே நம்முடைய மனதை நம்பக் கூடாது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமாகப் போனால் இவ்வளவு என்று அவர்களே சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. ஒரு வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது அது தடங்கலில்லாமல் நடப்பதாகவே நமக்குத் தெரிகிறது. போன முறை எவ்வளவு ஆனது என்பது நினைவில் இருந்தாலும் கணக்கில் சேர்வதில்லை.

ஆகவே மதிப்பீட்டை உயர்த்துவதும் கெடுவுக்கு முன் நாள் ஒதுக்குவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் கலந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எழுத எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் ஆகும் என்பது விபத்தல்ல, எப்போதும் நடப்பது. அதை மணிக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். நான்கு மணி நேரம் என்று தோன்றினால் ஆறு என்று எழுதுங்கள். ஒதுக்கிய மூன்று நாள் வேறு காரியத்துக்கு: காய்ச்சல், ஜெராக்ஸ் கடையில் பிரிண்டர் பழுது, கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியர் விடுப்பு, ஏற்றும் நேரத்தில் இணையம் போவது. இவை எல்லா வாரமும் நடப்பதில்லை. எந்த வாரம் நடக்கும் என்பதுதான் தெரியாது.

அதனால்தான் இந்த மூன்றும் வேலை நாட்களாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதலாம். ஆனால் ஞாயிறன்று கல்லூரியில் கையெழுத்து கிடைக்காது. எழுதும் நேரத்தை எண்ணும்போது ஞாயிறு மிக நல்ல நாள். ஒதுக்கீட்டை எண்ணும்போது அது இல்லாத நாள். கணினி விரிதாளில் இதைச் செய்ய ஒரு வாய்ப்பாடு போதும். கல்லூரி சொன்ன தேதி B2இல், விடுமுறைப் பட்டியல் H நிரலில் இருந்தால் C2, D2 ஆகியவற்றில் இப்படி எழுதலாம்:

```
C2: =WORKDAY.INTL(B2+1,-1,11,$H$2:$H$12)
D2: =WORKDAY.INTL(C2,-3,11,$H$2:$H$12)
```

முதல் வரி உண்மையான கெடுவைத் தரும். சொன்ன தேதி விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்திய வேலை நாளுக்கு இழுக்கும். இரண்டாவது வரி அங்கிருந்து மூன்று வேலை நாள் பின்னே போகும். 11 என்ற எண்ணுக்கு வாரத்தில் ஞாயிறு மட்டும் விடுமுறை என்று பொருள். நம் கணக்கில் C2 அக்டோபர் 31, D2 அக்டோபர் 28. முதல் வரியை விட்டுவிட்டு நவம்பர் 1இலிருந்தே மூன்றைக் கழித்தால் அக்டோபர் 29 வரும். பார்க்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமையையே ஓய்ந்திருக்கும் நாளாக அது எண்ணிவிட்டிருக்கும்.

இன்னொரு குழி உண்டு. கணினி அமெரிக்க முறையில் தேதி படிக்கும்படி வைக்கப்பட்டிருந்தால் 01-11 என்று அடித்ததை ஜனவரி 11 என்று எடுத்துக்கொள்ளும். 27-09 என்று அடித்தால் இருபத்தேழாவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதித் தேதிகள் சத்தமில்லாமல் மாறிவிடும், மீதிப் பாதி தேதியாகவே இருக்காது. கட்டத்தில் தேதி வலப்பக்கம் ஒட்டி நின்றால் கணினி அதைத் தேதியாக எடுத்திருக்கிறது. இடப்பக்கம் நின்றால் எழுத்து. வலப்பக்கம் நிற்பவற்றிலும் மாதத்தைப் பெயரால் காட்டும்படி வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

இப்போது ஐந்து அசைன்மென்ட்டையும் அடுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி, மொத்தம் 30 மணி. உரிகத்தில் படிக்கிறவருக்கு வேலை நாளில் இரண்டு மணி, ஞாயிறு நான்கு மணி கிடைக்கிறது. அக்டோபர் 28இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தீபாவளியை ஒட்டிய 20, 22 இரண்டையும் விட்டுவிடுங்கள். வீட்டில் பலகாரம் சுடும் நாளில் யாரும் எழுதப்போவதில்லை, எழுதவும் வேண்டாம். முப்பது மணி நேரம் சேர்வது அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமையில். அதாவது 9ஆம் வாரத்து வேலை 7ஆம் வாரத்தில் தொடங்குகிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று எழுதினால் ஐந்தும் அக்டோபர் 16, 19, 23, 26, 28 ஆகிய நாட்களில் முடியும். இரண்டாவது மாட்யூலிலிருந்து மட்டும் கேள்வி வரும் பாடங்கள் முன்னால், அக்டோபர் 21 வரை காத்திருக்க வேண்டிய பாடங்கள் பின்னால்.

இந்த அடுக்கில் மூன்று நாள் ஒதுக்கீட்டை முழுக்கச் சார்ந்திருப்பது கடைசி அசைன்மென்ட் மட்டும்தான். முன்னால் முடிந்தவற்றுக்கு அது தானாகவே பெருகிவிடுகிறது. முதல் பாடத்தில் ஒரு நாள் தாமதித்து இரண்டாவதில் சீக்கிரம் முடித்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. தாமதங்கள் தனித்தனியாக வந்தால்தான் ஈடு கிடைக்கும். நான்கு நாள் காய்ச்சல் வந்தால் அது எல்லாப் பாடத்தையும் சேர்த்தே அடிக்கும். அதற்கு இந்த மூன்று நாள் போதாது.

பெங்களூருக்குப் போய்வரும் மாணவருக்கு இதே கணக்கு வேறு விடை தரும். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போகிறது. இரவு வீடு திரும்பிய பின் ஒரு மணி நேரம் எழுத முடிந்தாலே பெரிது. வேலை நாட்களில் ஆறும் ஞாயிறு நான்கும் சேர்த்து வாரத்துக்குப் பத்து மணி. முப்பது மணி நேரத்துக்கு மூன்று முழு வாரம் வேண்டும், பண்டிகை நாட்கள் தனி. அவர் தொடங்க வேண்டிய தேதி அக்டோபர் முதல் வாரத்துக்குப் போய்விடும். அப்போது இரண்டாவது மாட்யூலே முடிந்திருக்காது. தொடங்க முடிகிற நாளுக்கும் முடிக்க வேண்டிய நாளுக்கும் நடுவில் வேலை கொள்ளவில்லை என்பதை அட்டவணை செப்டம்பரிலேயே காட்டிவிடுகிறது. ரயிலில் படிக்க மட்டும் வேண்டிய பகுதியைப் பிரித்தெடுப்பதா, ஒதுக்கீட்டை இரண்டு நாளாகக் குறைப்பதா, ஏதேனும் ஒரு பாடத்தின் கெடுவைத் தள்ளித் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேட்பதா என்று முடிவெடுக்க அவருக்கு அவகாசம் இருக்கிறது.

2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் தேர்வுகளுக்கான வார எண்கள் மறைந்துவிட்டன. பாடத்தில் 40 முதல் 50 சதவீதம் முடிந்ததும் முதல் இன்டர்னல், 85 முதல் 90 சதவீதம் முடிந்ததும் இரண்டாவது என்று இருக்கிறது. ஆனால் வகுப்பை எண்ணத் தெரிந்தவருக்கு இதுவும் தேதிதான். 40 மணி நேரத்தில் 40 சதவீதம் என்பது 16 வகுப்பு. நம் திங்கள், செவ்வாய், புதன் பாடத்துக்கு அது அக்டோபர் 8. ஐம்பது சதவீதம் அக்டோபர் 21. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் தேர்வு வரலாம் என்று கல்லூரி அறிவிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

முதல் அசைன்மென்ட் முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நான்கு மணி நேரம் என்று நினைத்தது உண்மையில் எவ்வளவு ஆனது என்று அட்டவணையில் ஒரு கட்டத்தில் எழுதிவையுங்கள். ஏழு ஆகியிருந்தால் இரண்டாவது சுற்றில் ஆறுக்குப் பதில் ஏழு போட வேண்டும். ஐந்து பாடத்துக்கு 35 மணி. அக்டோபர் 14இல் தொடங்குவதாக இருந்தது அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிடும்.