இரண்டு ஃபார்ம் 16, ஒரே கணக்கு

ஜூலை மாதம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் பலருக்கு அந்த அதிர்ச்சி வருகிறது. இரண்டு நிறுவனங்களும் மாதாமாதம் ஒழுங்காக வரி பிடித்திருக்கின்றன. அப்படியிருந்தும் இன்னும் ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொல்கிறது கணக்கு. எங்கே தவறு நடந்தது?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 1,50,000 ரூபாய் சம்பளம். அக்டோபரில் வேறு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே மாதம் 2,25,000 ரூபாய். புதிய வரி முறையில்தான் இருக்கிறார். வேறு வருமானம் எதுவும் இல்லை.

முதல் நிறுவனம், அவர் ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பார் என்று நினைத்தது. 18 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 17,25,000 ரூபாய்க்கு வரி போட்டது. செஸ்ஸோடு சேர்த்து 1,50,800 ரூபாய். அதைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பிடித்ததில், ஆறு மாதத்தில் 75,400 ரூபாய் போனது.

இரண்டாவது நிறுவனத்துக்கு அவருடைய பழைய சம்பளம் தெரியாது. ஆறு மாதச் சம்பளம் 13,50,000 ரூபாயைத்தான் அது ஆண்டு வருமானமாக எடுத்துக்கொண்டது. மறுபடியும் 75,000 கழித்து, மறுபடியும் முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை என்று தொடங்கி, 74,100 ரூபாய் பிடித்தது.

ஆக மொத்தம் பிடித்த வரி 1,49,500 ரூபாய்.

உண்மையில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 22,50,000 ரூபாய். நிலையான கழிவு, எத்தனை நிறுவனம் மாறினாலும், ஆளுக்கு ஒரு முறைதான். ஆகவே வரிக்குரிய வருமானம் 21,75,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20 சதவீதம் என்று ஏறி, 20 லட்சத்துக்கு மேல் மிஞ்சிய 1,75,000 ரூபாய்க்கு 25 சதவீதம். கூட்டினால் 2,43,750, 4 சதவீத செஸ்ஸோடு 2,53,500 ரூபாய். பாக்கி 1,04,000 ரூபாய்.

இது புதிதாக முளைத்த வரி அல்ல. இரண்டாவது நிறுவனம் வருமானத்தின் அடிப்படியிலிருந்து எண்ணத் தொடங்கியதால் விட்டுப்போன வரிதான்.

இதைத் தடுக்க ஒரு வழி இருந்தது. புதிய நிறுவனத்தில் சேர்ந்ததும், பழைய நிறுவனம் தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் ஃபார்ம் 12பி-யில் எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு மீதியை ஆறு மாதத்தில் பிரித்துப் பிடித்திருப்பார்கள். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால், இப்போது மாறுபவர்கள் எண்ணைத் தேடாமல் 'முந்தைய வேலையின் சம்பள விவரம் தரும் படிவம்' என்று எச்.ஆர். பிரிவில் கேட்பது நல்லது.

படிவம் தர மறந்தவர், மார்ச் 31-க்குள் பாக்கியை முன்கூட்டிய வரியாகக் கட்டிவிட்டால் ஏப்ரல் முதல் ஏறும் வட்டி மிச்சம். நம் பொறியாளர் ஜூலையில் கட்டுகிறார். ஏப்ரல் முதல் மாதம் 1 சதவீதம் என்று நான்கு மாதத்துக்கு 4,160 ரூபாய். முன்கூட்டிய வரித் தவணைகளைத் தவறவிட்டதற்குத் தனியாக 5,252 ரூபாய். மொத்தத்தில் 9,412 ரூபாய் வட்டி.

தாக்கல் செய்யும்போது இன்னொரு பொறியும் உண்டு. முதல் ஃபார்ம் 16-இல் ஆறு மாதச் சம்பளம் மட்டும் இருக்கும். கழிவு போக 8,25,000 ரூபாய். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், பிடித்த 75,400 முழுதும் திரும்ப வரும் என்று அந்தத் தாள் காட்டக்கூடும். அதை நம்பிவிடக் கூடாது. அந்த ஒரு தாளை மட்டும் வைத்துத் தாக்கல் செய்தால், வருமான வரித் துறையின் பதிவில் இரண்டு நிறுவனங்களும் இருப்பதால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டு தாள்களிலும் உள்ள 'வரிக்குரிய வருமானம்' என்ற தொகைகளைக் கூட்டுவதும் தவறு. 8,25,000-உம் 12,75,000-உம் சேர்ந்தால் 21 லட்சம்தான் வரும். சரியான தொகையைவிட 75,000 குறைவு. கழிவுக்கு முந்தைய மொத்தச் சம்பளங்களைக் கூட்டி, அதிலிருந்து ஒரே ஒரு முறை கழிக்க வேண்டும். பிறகு ஃபார்ம் 26ஏஎஸ்-ஐத் திறந்து, இரு நிறுவனங்களும் பிடித்த 75,400-உம் 74,100-உம் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாக்கியை வருமான வரித் துறையின் இணையதளத்தில் e-Pay Tax வழியாகக் கட்டி, அந்தச் செலான் விவரத்தைப் படிவத்தில் சேர்த்த பிறகே தாக்கல் செய்யுங்கள்.

வேலை மாறும் நாளில் பழைய நிறுவனத்தின் கடைசிச் சம்பளச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் அதில் இருக்கும். புதிய நிறுவனத்துக்குத் தேவையானவை அந்த இரண்டு தொகைகள்தான்.