பாதியில் நின்ற பதிவிறக்கம்

600 எம்பி பாடக் காணொளி ஒன்று 540 எம்பி இறங்கியதும் நின்றுவிடுகிறது. போனில் இடமில்லை. நன்றாக எழுதப்பட்ட செயலி, வந்த பகுதியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, “இன்னும் 60 எம்பி இடம் வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லும். இடம் கிடைத்ததும் மீதியை மட்டும் சர்வரிடம் கேட்கும். சர்வர் அதற்கு இடம் தராவிட்டாலோ, அங்கே கோப்பு மாறியிருந்தாலோ, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த 60 எம்பியைக் கேஷிலிருந்து எடுக்கலாம். ஒருமுறை பார்த்த படங்களை மறுபடி இறக்காமலிருக்கச் செயலி சேர்த்துவைப்பதுதான் கேஷ். அதற்கு 100 எம்பி என்பதுபோல ஒரு வரம்பு வைத்து, நெடுநாள் தொடாதவற்றை முதலில் நீக்குவது நல்ல வழக்கம். வரம்பில்லாத செயலிகளில் அது வளர்ந்துகொண்டே போகும்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில், செயலியின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். Clear cache தொட்டால், மீண்டும் பெறக்கூடியவை மட்டும் போகும். Clear storage தொட்டால், லாகினும் செயலிக்குள் சேமித்த பாடங்களும் போய்விடும். பாதி இறங்கிய காணொளியும் அதோடு போகக்கூடும். ஆகவே முதல் பொத்தானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.