கிளிக்கில் கரையும் காசு

வெட் கிரைண்டர் விற்கும் கோவைக் கடை ஒன்று கூகுளில் விளம்பரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மக்கள் உண்மையில் எதைத் தட்டி வந்தார்கள் என்பது Search terms அறிக்கையில் தெரியும். 30 நாள் அறிக்கையைச் செலவு வரிசையில் அடுக்கி, விற்பனையே இல்லாத வரிகளைப் பாருங்கள். 'கிரைண்டர் ரிப்பேர்' என்று தேடியவர்கள் 40 கிளிக். கிளிக்குக்கு 12 ரூபாய் என்றால் 480 ரூபாய் போச்சு.

முழுத் தொடரையும் தடுக்க வேண்டாம். 'ரிப்பேர்' என்ற ஒற்றைச் சொல்லைத் தடைச்சொல்லாக்கினால் போதும், அது வரும் எல்லாத் தேடல்களும் நிற்கும். ஆனால் இணைச்சொற்கள் தாமாக அடிபடாது. 'சர்வீஸ்', ஆங்கில எழுத்தில் repair என இரண்டையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 'விலை'யில் மட்டும் கைவைக்காதீர்கள்: வாங்க வருபவரும் அதைத்தான் தட்டுகிறார்.