‘பெரிய’ என்பதற்கு ஆங்கிலச் சொல் எது?

தமிழிலே ‘பெரிய’ என்னும் ஒரு சொல் பல பணிகளைச் செய்கின்றது. பெரிய வீடு, பெரிய தொகை, பெரிய தவறு, பெரிய அண்ணன், பெரிய மனிதர் என எதனோடும் அஃது இணங்கி நிற்கும். இவற்றை ஆங்கிலத்தில் எழுதப் புகும் மாணவர் அகராதியைப் புரட்டுங்கால் பிக், லார்ஜ், ஹியூஜ், எனோர்மஸ் என்னும் நான்கு சொற்களைக் காண்கின்றனர். நான்கும் ஒரு பொருளனவே என எண்ணிக் கைக்கு வந்ததை எடுத்து வைத்துவிடுகின்றனர். அண்ணனை ‘லார்ஜ் பிரதர்’ என்று எழுதினால், ஆங்கிலம் அறிந்தோர் மனக்கண்ணிலே மூத்தவன் தோன்றான். உடல் பருத்தவன் ஒருவனே தோன்றுவான். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். மொழிபெயர்ப்பிலே வழு பிறக்கும் இடம் பல வேளைகளில் தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பே ஆதலின், இது எமக்கும் உரிய அலுவலேயாம்.

இந்நான்கும் ஓர் ஏணியின் நான்கு படிகள் அல்ல என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். படிகள் இரண்டே உள. பிக், லார்ஜ் இரண்டும் கீழ்ப்படியில் அருகருகே நிற்பன. அவற்றுள் ஒன்று மற்றதனினும் மிகுந்த பருமையைக் குறிப்பதில்லை. ஹியூஜ், எனோர்மஸ் இரண்டும் மேற்படியில் நிற்பன. அன்றியும், பருமை என்பது அவ்வப் பொருளின் இயல்பான அளவை நோக்கியே சொல்லப்படும். ஹியூஜ் என்று சொல்லத்தக்க எலி, மிகச் சிறிய யானைக் கன்றினும் சிறிதாகவே இருக்கும். எலிக்கு உரிய அளவை அது கடந்துவிட்டமையே அச்சொல்லைப் பெறுதற்குக் காரணம். எனோர்மஸ் என்னும் சொல்லின் பிறப்பும் இதனையே காட்டுகின்றது. இலத்தீனில் நோர்மா என்பது தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டத்தின் பெயர். பின்னர் அது விதி, ஒழுங்கு என்னும் பொருளையும் ஏற்றது. அம்மட்டத்துக்குப் புறம்பாய்ப் போனது எதுவோ அதுவே எனோர்மஸ்.

மேற்படிச் சொற்களை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. ‘வெரி’ என்னும் அடையை முன்னே வைத்துப் பார்க்க. வெரி பிக், வெரி லார்ஜ் என்பன இயல்பாகவே ஒலிக்கும். வெரி ஹியூஜ், வெரி எனோர்மஸ் என்பன செவியை உறுத்தும். ‘மிக’ என்னும் பொருள் அவ்விரு சொற்களின் உள்ளேயே அடங்கிவிட்டமையால், அதனை வெளியே மீண்டும் வைப்பது மிகையாகும். பேச்சிலே சிலர் அங்ஙனம் சொல்லக் கேட்கலாம். திருத்தமான எழுத்திலே அது வருதல் அரிது. அழுத்தம் வேண்டுமாயின் ‘அப்சலூட்லி’ என்னும் அடையை வைப்பர். நம் மாணவர் இவ்வழுவில் வீழ்தற்குக் காரணம் வெளிப்படை. தமிழில் ‘மிகப் பெரிய’ என்பதும் வழக்கு, ‘மிகப் பிரமாண்டமான’ என்பதும் வழக்கு. அவ்வழக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்லுதல் ஆகாது.

இனி, உண்மையான இடர்ப்பாடு கீழ்ப்படியிலேதான் உள்ளது. பருமை ஒன்றாயிருக்கவும் பிக், லார்ஜ் என்பவற்றைப் பிரிப்பது யாது? அவை சேரும் பெயர்ச்சொல்லே பிரிக்கின்றது. இது நமக்குப் புதிதன்று. தட, கய, நளி என்னும் உரிச்சொற்கள் மூன்றுக்கும் பெருமைப் பொருளைத் தொல்காப்பியர் கூறியுள்ளார். ஆயினும் தடக்கை, தடந்தோள் என்போமேயன்றித் தடப்பிழை என ஒருவரும் சொல்லார். சொல் எப்பெயரோடு பழகியதோ அதனோடே அது செல்லும்.

லார்ஜ் என்பது அளவையும் தொகையையும் குறிக்கும் பெயர்களோடு பழகியது. நம்பர், அமௌன்ட், குவான்டிட்டி, சம், ஸ்கேல் ஆகியவற்றின் முன் வருதற்கு உரிய சொல் இதுவே. இதன் இலத்தீன் மூலமாகிய லார்குஸ் ‘வளமிக்க, தாராளமான’ என்னும் பொருளுடையது என்பதை நினைவிற் கொண்டால், தொகையோடு இதற்குள்ள உறவு மனத்திற் பதியும். ‘பிக் அமௌன்ட்’ என எழுதுவது பெரும் பிழையன்றாயினும், அது பேச்சுத்தரமாய் நிற்கும்.

பிக் என்பதோ வீட்டிலும் தெருவிலும் வளர்ந்த சொல். முதிர்ச்சி, முக்கியத்துவம், உள்ளத்தைத் தாக்கும் நிகழ்ச்சி என்பன இதன் எல்லைக்குள் அடங்கும். அண்ணன் பிக் பிரதர். திருமண நாள் பிக் டே. தவறு பிக் மிஸ்டேக். எதிர்பாராத மகிழ்ச்சி பிக் சர்பிரைஸ். இவ்விடங்களில் லார்ஜ் புகுதற்கு இடமே இல்லை. காலின் பெருவிரலைப் பிக் டோ என்பர். பெருங்குடலையோ லார்ஜ் இன்டெஸ்டைன் என்பர். விரலின் பெயர் பாமரர் வாய்ச்சொல், குடலின் பெயர் இலத்தீன் வழிவந்த நூற்சொல் என்பதை இங்கே நோக்குக. (பெருங்குடல் சிறுகுடலினும் நீண்டதன்று. சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுடையது; பெருங்குடல் ஒன்றரை மீற்றர் அளவினதே. அகலம் பற்றியே அதற்குப் ‘பெரு’ என்னும் அடை வந்தது.) வீடு, நகரம், குடும்பம், அறை போன்ற கட்புலப் பொருள்களுக்கு இரண்டும் பொருந்தும். அங்கே பேச்சுக்குப் பிக், எழுத்துக்கு லார்ஜ் எனக் கொள்ளலாம்.

ஹியூஜ், எனோர்மஸ் இரண்டும் பெரும்பாலும் இடமாறி நிற்கத்தக்கன. முன்னது பேச்சில் மிகுதியும் வரும். பின்னது சற்றே எடுப்பான நடைக்கு உரியது. ஒன்றில் மாத்திரம் எச்சரிக்கை வேண்டும். எனோர்மஸ் என்பதிலிருந்து பிறந்த எனோர்மிட்டி என்னும் பெயரைப் பருமையைக் குறிக்க ஆளுதல் தகாது. கொடுஞ்செயல் என்பதே கவனமுடைய வாசகர் அதற்குக் கொள்ளும் பொருள். ஒருவருடைய உதவியின் எனோர்மிட்டியைப் புகழ்ந்து நன்றிக்கடிதம் வரைந்தால் அவர் திகைப்பார்.

இனி ஒரு பந்தியை மொழிபெயர்த்துப் பார்ப்போம். பழைய மாணவர் சங்கம் ஒன்று கடல் கடந்து வாழும் உறுப்பினர்க்கு ஆங்கிலத்தில் நிதிவேண்டுகோள் விடுக்கின்றது எனக் கொள்க. தமிழ் வரைவு இது: “எமது பெரிய மண்டபத்தின் கூரை புயலினாற் பெரிதும் சேதமுற்றது. பெருந்தொகையான மாணவர் வெளியே நின்று வழிபடுகின்றனர். திருத்துவதற்குப் பெரிய தொகை வேண்டும். கூரையைத் திருத்துவதா, புதிதாய் இடுவதா என்னும் பெரிய முடிவை எடுக்கவேண்டியுள்ளோம்.”

மண்டபம் கட்புலப்பொருள்; எழுத்தாதலின் லார்ஜ் தகும். மாணவர் எண்ணிக்கைக்கும் பணத்தொகைக்கும் ஐயமின்றி லார்ஜ். முடிவுக்குப் பிக், லார்ஜ் டிசிஷன் என்பது ஆங்கிலமே அன்று. கூரைச் சேதத்துக்கு எனோர்மஸ் இடலாமா என்பது கூரையைப் பொறுத்தது. நாலு ஓடு பெயர்ந்ததற்கு அச்சொல் ஏலாது. வளையும் சிலாகையும் முறிந்து வானம் தெரியுமாயின் ஏற்கும். இரக்கத்தை மிகுவிக்கும் நோக்கோடு பணத்தொகைக்கும் எனோர்மஸ் என்று இடுவார் உளர். அடுத்த வரியிலே தொகையின் இலக்கம் வருகின்றது. அந்நாட்டு நாணயத்தில் அதனை மாற்றிப் பார்க்கும் வாசகர்க்கு அது ஓர் இடைத்தரமான தொகையாகத் தோன்றினால், அந்த ஒரு சொல்லினால் சேதத்தைப் பற்றிய மற்றைக் கூற்றுக்களையும் அவர் ஐயுறத் தொடங்குவார். லார்ஜ் என நின்றிருப்பின், இலக்கம் தானே பேசியிருக்கும்.