கியூஆர் குறியீட்டுப் படத்தில் இருப்பது என்ன?

கியூஆர் குறியீடு என்பது எழுத்துகளையும் எண்களையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகப் பதிவு செய்யும் முறை ஆகும். வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக, 1994ஆம் ஆண்டு ஜப்பானில் மசாகிரோ ஹாரா தலைமையிலான குழு இதை உருவாக்கியது. இதன் மிகப் பெரிய வடிவமான 177 × 177 கட்டங்களில்கூட, அதிகபட்சம் 4296 ஆங்கில எழுத்துகளே அடங்கும். ஆகவே படத்தில் இருப்பது ஒரு சிறு உரை மட்டுமே. அந்த உரையைப் படிப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. அது சொல்வதைச் செயலி நிறைவேற்ற அனுமதிப்பதில்தான் ஆபத்து உள்ளது.

பணம் தருவதாக வரும் படம்

இந்தியாவில் ஒருவர் தன் பழைய மிதிவண்டியை இணையத்தில் விற்பனைக்கு விளம்பரம் செய்கிறார். வாங்குவதாகக் கூறுபவர், "முன்பணம் 5000 ரூபாய் பெற இதை ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒரு படத்தை அனுப்புகிறார். அதில் உள்ள உரை இவ்வாறு இருக்கும்:

```
upi://pay?pa=name@bank&pn=Advance&am=5000&cu=INR
```

`upi://pay` என்பது பணம் செலுத்தும் கட்டளை. `pa` பணம் பெறுபவரின் யுபிஐ முகவரி, `am` தொகை. `pn` என்பது பெயர். குறியீட்டை உருவாக்கியவர் அங்கு எதையும் எழுதலாம். ஆகவே இதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால், விற்பவரின் கணக்கிலிருந்தே 5000 ரூபாய் வெளியேறும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. எனவே, பணம் வரும் என்று சொல்லப்பட்ட இடத்தில் பின் எண் கேட்கப்பட்டால், அதுவே மோசடிக்கு அடையாளம்.

இணைய முகவரி இருந்தால்

கைபேசியின் கேமரா அல்லது படங்களைப் படிக்கும் வசதி, குறியீட்டில் உள்ள முகவரியை முதலில் திரையில் காட்டும். அதைத் தொடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும்.

```
https://bank.in.example.com/login
```

`https://` என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோடு வரையுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இங்கு தளத்தின் உரிமையாளர் `example.com`. அதற்கு முன்னுள்ள `bank.in` என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். அதற்கும் வங்கிக்கும் தொடர்பில்லை. `https` என்பது தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதை மட்டுமே குறிக்கும். தளம் நேர்மையானது என்று பொருளல்ல.

சுருக்கப்பட்ட முகவரிகளில் இந்தச் சோதனை பயன்படாது. அவை இறுதியில் எங்கு கொண்டு செல்லும் என்பது தெரியாது. அத்தகைய சூழலில், வங்கியின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து செல்வதே பாதுகாப்பானது. முகவரி `.apk` என்று முடிந்தால், அது ஆண்ட்ராய்டு செயலியைப் பதிவிறக்கும் இணைப்பு. அதைத் திறக்கக் கூடாது.

பணம் பறிபோனால்

உடனடியாக வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ புகார் அளிக்க வேண்டும். விரைவாகத் தெரிவித்தால், பணம் வேறு கணக்குகளுக்கு மாறும் முன் முடக்கப்பட வாய்ப்புண்டு. அனுப்பப்பட்ட படத்தை அழிக்கக் கூடாது. பணம் சென்ற யுபிஐ முகவரி அதில் உள்ளது.