எக்ஸ்ரே அறிக்கையின் கடைசி வரி

மார்பு எக்ஸ்ரே அறிக்கையின் முடிவில் பல நேரங்களில் ‘நோ அக்யூட் கார்டியோபல்மனரி அப்நார்மாலிட்டி’ என்னும் வரி காணப்படும். இதயத்திலும் நுரையீரலிலும் புதிதாகத் தோன்றிய, உடனே கவனிக்க வேண்டிய கோளாறு எதுவும் படத்தில் தெரியவில்லை என்பதே இதன் பொருள். ‘நோயே இல்லை’ என்று இதனைப் படித்துக்கொள்வோர் பலர். அது சரியன்று.

இவ்வரியை எழுதுமுன் கதிரியக்க மருத்துவர் தேடுபவை சிலவே: நிமோனியாவின் வெண்மையான படலம், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீர், நுரையீரலுக்கு வெளியே கசிந்து அதனை அழுத்தும் காற்று, இதயம் தளர்ந்ததால் நுரையீரலுக்குள் ஊறிய நீர். இவை தென்படாதபோது அவ்வரி எழுதப்படுகிறது.

‘அக்யூட்’ என்னும் சொல் இங்கே முக்கியமாகப் புதுமையையே சுட்டுகிறது. எடுத்துக்காட்டாக, முப்பது ஆண்டுகளுக்கு முன் செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த விவசாயி ஒருவர், இப்போது மூன்று வார இருமலுடன் வருகிறார் என்று கொள்வோம். அறிக்கையில், ‘வலது நுரையீரலின் மேற்பகுதியில் பழைய தழும்பும் சுண்ணாம்புப் படிவும் உள்ளன’ என்று முதலில் இருக்கும். அடுத்து அதே கடைசி வரி இருக்கும். தழும்பு இருக்கிறது என்கிறார், கோளாறு இல்லை என்றும் சொல்கிறாரே என்று குடும்பத்தார் குழம்புவது இயல்பு. இரண்டும் உண்மையே. தழும்பு ஆறிய புண்ணின் அடையாளம், புதிய நோயன்று. எனினும், தழும்புக்குள் காசநோய் மீண்டும் தலையெடுத்துள்ளதா என்பதை ஒரே படத்தைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. பழைய படத்தோடு ஒப்பிட்டு, தழும்பு மாறாதிருப்பதைக் கண்டால் ஓரளவு ஐயம் தீரும். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்துவிட்டதால், அறிக்கை எவ்வாறிருப்பினும் சளிப் பரிசோதனை தேவை. சளியில் கிருமி இருக்கிறதா என்பதைக் காட்டுவது அதுவே.

எக்ஸ்ரே என்பது நிழற்படம். இதயத்தின் உருவமும் அளவும் அதில் தெரியும். இதயத்தின் இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பு தெரியாது. மாரடைப்பின்போதுகூட மார்பு எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம். ஆகவேதான் நெஞ்சுவலியுடன் வருவோருக்கு இ.சி.ஜி.யும், ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படுகின்றன. நுரையீரல் இரத்தக் குழாயில் சிக்கிய இரத்தக்கட்டியும் இப்படத்தில் பெரும்பாலும் புலப்படாது, ஆஸ்துமாவும் அவ்வாறே. நிமோனியாவின் தொடக்கத்தில் படம் தெளிவாக இருந்து, ஓரிரு நாளில் வெண்படலம் தோன்றுவதும் உண்டு. இதயத்தின் பின்புறமும் கழுத்தெலும்பின் அடியிலும் மறைந்துள்ள சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பக்கூடும்.

அறிக்கை வந்த பின்னும் காய்ச்சல் தணியாமலிருந்தாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ, சளியில் இரத்தம் தென்பட்டாலோ, அடுத்து குறித்த நாள்வரை காத்திராமல் வர வேண்டும். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் கண்டால் எக்ஸ்ரே அறிக்கையைத் தேடிக்கொண்டிராமல் நேரே அவசரப் பிரிவுக்கு வருக. மற்றபடி வரும்போது பழைய படங்களையும் உடன் கொண்டுவருக. பரணில் கிடக்கும் பத்தாண்டுப் படமும் பயன்படும்.