உங்களுக்குத் தெரியுமா? தேநீர் மூளையைத் தட்டி எழுப்புவதில்லை

லிந்துலைத் தேயிலையில் போட்ட ஒரு கோப்பை பிளேன்டீயில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அது மூளையை நேராக உசுப்புவதில்லை. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்கிறது. தனக்குரிய ஏற்பிகளில் அமர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. கஃபீன் அதே இடத்தில் அமர்ந்துகொள்கிறது, ஆனால் ஏற்பியை இயக்காது. இப்படிப்பட்ட பொருள்தான் எதிர்ப்பி. அடினோசின் மேலும் கூடினால் கஃபீனைத் தள்ளிவிட்டுத் தன் முழு விளைவையும் எட்டும். அதாவது, அளவு–விளைவு வளைகோடு வலப்பக்கம் நகரும்; உச்சி தாழாது.

ஏற்பியை இயக்கும் மருந்துகளான இயக்கிகளில்தான் வீரியத்தையும் செயல்திறனையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எவ்வளவு சிறிய அளவில் வேலை செய்கிறது என்பது வீரியம். அதிகபட்சம் எவ்வளவு விளைவைத் தர முடியும் என்பது செயல்திறன். 10 மில்லிகிராம் மோர்பின் ஊசி தணிக்கும் வலியை 0.3 மில்லிகிராம் புப்ரெனோர்பின் தணித்துவிடும். வீரியம் முப்பது மடங்குக்கும் மேல்! ஆனாலும் அது முழு விளைவை எட்டாத பகுதி இயக்கிதான். முழு இயக்கியான மோர்பினைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சே நின்றுவிடலாம். புப்ரெனோர்பின் மூச்சை அடக்குவது ஒரு மட்டத்துக்கு மேல் அவ்வளவாக ஏறுவதில்லை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

இன்னொன்று: மோர்பினுக்குப் பழகிய உடலில் புப்ரெனோர்பின் அதை ஏற்பியிலிருந்து வெளியேற்றி எதிர்ப்பிபோல நடந்துகொள்ளும். அப்போது வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல்வலி என விலகல் அறிகுறிகள் திடீரென வரும்.